தைப்பிங்குக்கு அனுப்பிய இரண்டு வரிகள்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் அமர்ந்து சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். தையல் கடை, டயர் கடை, பல் மருத்துவர், பூச்செண்டு கட்டுபவர் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள். "தேடுனா நாங்க முன்னுக்கு வருவோமா?" வருவீர்கள் என்று சொல்லுவேன். பெரும்பாலும் வரவும் வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது எழுதப்போவது அந்தத் தலைக்கனம் செய்த வேலையைப் பற்றி.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். இளவயதில் தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தனக்குக் கால் செய்து கொடுத்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பல வருடம் அங்கே கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தார். பின்னறையில் மாவுக்கட்டுத் தூசி பறக்கும். முன்னறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அதன் பின்னால் ஓர் அக்கா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, சிறுபிள்ளையாக இருந்தபோதே அம்மாவோடு பால் வெட்டப் போனவர். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தொலைபேசியை எடுப்பது அவர்தான்.

அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயில் காலை இழந்தவர்கள். விளம்பரம் பார்த்து யாரும் வருவதில்லை. ஆஸ்பத்திரி வார்டில் தாதி ஒருவர் பட்டறையின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார். அல்லது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் சொல்லுவார். முதலாளியின் அப்பா பெயரும் அதன் பின்னால் ஒரு ஆங்கிலச் சொல்லும் சேர்ந்ததுதான் பட்டறையின் பெயர். அந்தப் பெயரை மகனோ மகளோ கைத்தொலைபேசியில் தட்டித் தேடுவார்கள். இதை முதலாளி என்னிடம் முதல் நாளே சொன்னார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

அவருக்கு நான் புதிதாகத் தளம் எதுவும் செய்யவில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள தைப்பிங்கில் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி வாடகைக்கு விட்ட ஒரு பெரியவருக்கு முன்பு செய்திருந்த தளத்தை அப்படியே நகல் எடுத்தேன். அவர் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொழில். நிறத்தை மாற்றி, படங்களை மாற்றி, பட்டறையைப் பற்றிய எழுத்தைப் போட்டால் வேலை முடிந்தது.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தளத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பும் ஒரு சிறு விவரமும் எழுதி வைக்கலாம். பக்கத்துக்குள் போய்ப் படிக்கும்போது அவை கண்ணில் படாது. தேடும்போது வரும் பட்டியலில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அந்தத் தலைப்பு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் இரண்டு வரி பல நேரம் அந்த விவரம். தேடுபொறி விரும்பினால் இரண்டையும் மாற்றிக் காட்டும். ஆனாலும் நாம் ஒழுங்காக எழுதி வைத்தால் பெரும்பாலும் நாம் எழுதியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

முகப்புப் பக்கத்துக்கும் கால் வகைகளைப் பற்றிய பக்கங்களுக்கும் நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். "ஈப்போ செயற்கைக் கால்" என்று தேடினால் மேலே வரவேண்டும் என்பதுதான் என் குறி. கடைசியில் இரண்டு பக்கம் மிஞ்சின. ஒன்று "எங்களைப் பற்றி." மற்றது "தொடர்புக்கு." முதலாளி கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கடைசி ரெண்டு பக்கத்துக்கும் நான் ஏதாச்சும் எழுதித் தரணுமா?"

"வேணாண்ணே. அந்தப் பக்கத்தையெல்லாம் யாரு தேடப்போறா? உள்ள வந்தவங்க பாத்துக்குவாங்க."

"அப்படியா? சரி லா. ஒங்களுக்குத்தான் தெரியும்."

அந்த "ஒங்களுக்குத்தான் தெரியும்" எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு பக்கங்களின் தலைப்புக் கட்டத்தையும் காலியாக விட்டேன். காலியாக விட்டால் முகப்பின் தலைப்பையே அவற்றுக்கும் போட்டுக்கொள்ளும்படி அந்தத் தளம் அமைந்திருந்தது. விவரக் கட்டத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாதா மாதம் பட்டறைக்கு ஓர் அறிக்கை கொண்டுபோவேன். எந்தச் சொற்களைத் தேடி மக்கள் அந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். முதல் வரியில் எப்போதும் பட்டறையின் பெயர்தான். இரண்டாவது வரியில் அதே பெயர், எழுத்துப்பிழையோடு. மூன்றாவதில் அதே பெயரோடு "ஜெலாப்பாங்." நான்காவதில் அதே பெயரோடு "நம்பர்." இந்த நான்கையும் விரலால் தாண்டி ஐந்தாவது வரிக்குப் போவேன்.

"இதெல்லாம் சும்மா வர்றதுண்ணே. ஒங்க பேரு, நீங்கதான் வருவீங்க. இதப் பாருங்க, ஈப்போ செயற்கைக் கால், போன மாசத்தவிட மேல வந்திருக்கோம்."

பெயரைச் சொல்லித் தேடுகிறவர் நம்மைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டவர், வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கண்ணெல்லாம் நம்மைத் தெரியாதவர்கள் மேல்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு முன்னால் கணினி திறந்திருந்தது.

"தங்கச்சி, ஒரு விசயம். நேத்து ஒரு பெரியவரு நம்மளத் தேடிக்கிட்டு தைப்பிங் போயிட்டாரு லா."

"தைப்பிங்கா? ஏண்ணே?"

"அதான் தெரியல. கோப்பெங்ல இருந்து வாராங்க. மக வேலைக்கு லீவு போட்டு, சூத்தி எடுத்து, யாரோட காடியையோ எரவல் வாங்கி ஓட்டி அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. அங்க போனா கடை மூடிக் கெடக்கு. ஒரே மழை. அவரு ஒத்தக் காலோட கடை முன்னால அஞ்சடிப் பாதையில அரை மணி நேரம் நின்னிருக்காரு. நமக்குத் தைப்பிங்ல கடையே இல்லயே. எங்கேருந்து வந்துச்சு இந்தத் தைப்பிங்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பட்டறையின் பெயரைத் தட்டித் தேடினேன். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வரி வந்தன. மூன்றுக்கும் ஒரே தலைப்பு. எது முகப்பு, எது தொடர்புப் பக்கம் என்று தலைப்பைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது. முதலாவதன் கீழே நான் இரண்டு நாள் செதுக்கிய வாசகம். இரண்டாவது, எங்களைப் பற்றிய பக்கம். அதற்கு விவரமே இல்லாததால் தேடுபொறி தானாக எதையோ எடுத்துப் போட்டிருந்தது. "வணக்கம். எங்கள் தளத்துக்கு உங்களை வரவேற்கிறோம்."

மூன்றாவதன் கீழே தைப்பிங் இருந்தது. சாலைப் பெயர், கடை எண், திங்கள் முதல் சனி வரை. அதற்கு மேல் இடமில்லாமல் மூன்று புள்ளியோடு நின்றிருந்தது.

உடனே விளங்கிவிட்டது. கட்டில் வாடகைக்கு விட்ட அந்தப் பழைய வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்ப்பார். தன் தொடர்புப் பக்கத்துக்கு விவரம் வேண்டும் என்று அவரே எழுதித் தந்து, நான் போடும்வரை விடவில்லை. தளத்தை நகல் எடுத்தபோது அவருடைய வாசகமும் கூடவே வந்துவிட்டது. பக்கத்துக்குள்ளே ஜெலாப்பாங் முகவரி சரியாக இருந்தது. வெளியே, தேடுகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில், மூடிப்போன கடையின் முகவரி. பட்டறையை இணைய வரைபடத்தில் பதியும் வேலையும் உறுதிப்படுத்தல் வராமல் பாதியில் நின்றிருந்தது. அதனால் அந்த மூன்று வரியில் முகவரி என்று ஒன்று இருந்தது அங்கே மட்டும்தான்.

"தங்கச்சி? லைன்ல இருக்கீங்களா?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் தப்பு என்று சொல்லியிருந்தால் அவர் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். நான் சொன்னது இது.

"நம்ம வெப்சைட்ல ஜெலாப்பாங் அட்ரஸ்தாண்ணே இருக்கு. நீங்களே தொறந்து பாருங்க. போன்ல யாராச்சும் தப்பாச் சொல்லியிருப்பாங்களோ?"

வாயிலிருந்து வந்த பிறகுதான், அந்தப் பட்டறையில் தொலைபேசியை எடுப்பது ஒரே ஓர் ஆள் என்பது நினைவுக்கு வந்தது. அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் சொல்லும்போதே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் அதை நம்பினார். "ஆமா, அப்படியும் இருக்கலாம். அக்காவக் கேக்குறேன்," என்று வைத்துவிட்டார்.

நான் அவசர அவசரமாகத் தளத்தைத் திறந்து தைப்பிங் வாசகத்தை அழித்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் தேடல் பட்டியல் என் கையில் இல்லை. தேடுபொறி மறுபடி வந்து பக்கத்தைப் படித்துப் போனால்தான் அங்கே மாறும். சீக்கிரம் வந்து படிக்கும்படி கேட்க ஒரு வசதி உண்டு. கேட்டேன். அதற்கு மேல் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. புதன்கிழமை தேடினேன், தைப்பிங். வியாழக்கிழமை தேடினேன், தைப்பிங். என் பொய்யைப் பொய்யென்று காட்டும் வரி, நாடு முழுக்க யார் தேடினாலும் தெரியும்படி அங்கேயே நின்றது. பட்டறையில் யாருக்கும் தங்கள் பெயரைத் தாங்களே தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை புதுப் படங்கள் எடுக்கப் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது. ஒத்திப்போட நினைத்தேன். ஒத்திப்போட்டால் சந்தேகம் வரும் என்று போனேன்.

அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. பட்டறையின் முகவரி, பெரிய எழுத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அக்கா எடுத்தார். இத்தனை வருடம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய முகவரியை, அந்தத் தாளில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்துச் சொன்னார். முடிந்ததும், "திரும்பச் சொல்லுங்க ஐயா, சரியா எழுதிக்கிட்டீங்களான்னு பாக்குறேன்," என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது.

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மொதலாளி எழுதி ஒட்டச் சொன்னாரு தங்கச்சி. நான் யாரோ ஒருத்தர்கிட்ட தைப்பிங்னு சொல்லிட்டேனாம்."

"சொன்னீங்களாக்கா?"

இதைக் கேட்டது நான்தான். என் வாய்தான் கேட்டது.

"இல்லன்னுதான் நெனைக்கிறேன். ஆனா கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே டவுட்டு வந்துருச்சு. எங்கம்மா கடைசிக் காலத்துல எங்க பேரெல்லாம் மறந்துட்டாங்க. அது மாதிரி எனக்கும் வருதோ என்னமோ. அடுத்த மாசம் கிளினிக் போயி காட்டலாம்னு இருக்கேன்."

நான் படம் எடுத்தேன். பின்னறையில் வார்ப்புகள், அலமாரியில் வரிசையாக நிற்கும் பாதங்கள், முதலாளி ஒரு முட்டிப் பூட்டை முறுக்கிக்கொண்டிருப்பது. அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பாமல் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி உள்ளே போகவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மனசாட்சி உறுத்தி மறுநாளே ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. திங்கட்கிழமை முதலாளி வேறொரு வேலையாகக் கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"அந்தப் பெரியவரு நாளன்னிக்கு அளவு குடுக்க வாராரு. மக போன்ல சொல்லுச்சு, எங்கேருந்து அந்த அட்ரஸ் எடுத்துச்சுன்னு படம் புடிச்சு வச்சிருக்காம். கொண்டாந்து காட்டுறேன்னுச்சு."

அந்தப் படத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் ஜெலாப்பாங்கில் இருந்தேன். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரைப் பின்னறைக்கே கூட்டிக்கொண்டு போய், நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அது என் சிலாப்பு, என் தப்பு. போன்ல யாரும் தப்பாச் சொல்லல. பழைய கஸ்டமரோட வெப்சைட்ட காப்பி அடிச்சுத்தான் ஒங்களுக்குப் போட்டேன். அவரோட அட்ரஸ் ஒரு எடத்துல அப்படியே இருந்துருச்சு. தேடுனா மொதல்ல அதான் தெரிஞ்சுருக்கு."

"எப்ப தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"நீங்க கூப்ட்ட அன்னைக்கே. பேசிக்கிட்டு இருக்கும்போதே பாத்துட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து, தன் செயற்கைக் காலை நீட்டி வைத்துக்கொண்டார். தரையைப் பார்த்தார்.

"நான் அந்த அக்காவ ஒரு வாரமா படுத்தி எடுத்துட்டேன் தங்கச்சி. போனுக்கு வேற ஆளு வைக்கலாமான்னு எம்பொண்டாட்டிகிட்ட பேசிட்டேன்." பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னா புண்ணியம். போயி அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

முன்னறைக்குப் போவதற்கு ஏழெட்டு அடிதான். அக்கா ஏதோ ரசீதுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கை அடுக்குவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அப்ப எனக்கு மறதி இல்ல?"

"இல்லக்கா."

"வெள்ளிக்கெழம நீங்க இங்கதான் உக்காந்திருந்தீங்க. அப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவர் தலையை ஒரு முறை ஆட்டினார். அதுவரை என்னை "வா, போ, தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து "நீங்க." அவர் குரலில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் முகம் சூடாகிறது.

புதன்கிழமை பெரியவர் வந்தார். லாரி ஓட்டிய உடம்பு, தோள் அகலம். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. மகள் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். அன்றைக்கும் அரை நாள் விடுப்பு. நான் என்னை யாரென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரியவருக்கு இணையத்தளம் என்றால் என்னவென்று பிடிபடவில்லை. "பரவால்லம்மா, தைப்பிங் பாத்து வருசமாச்சு," என்றார். மகள் விடவில்லை. கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் நன்றாக அறிந்த மூன்று வரிகள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. மூனும் ஒரே மாதிரி இருக்கு. எது அட்ரஸ் பக்கம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரே ஒரு எடத்துலதான் ரோட்டு பேரு இருந்துச்சு. அத அப்படியே மேப்ல போட்டேன்."

"உள்ள போயிருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"எதுக்கு உள்ள போகணும்? அட்ரஸ் வெளியவே இருக்குதே. ஜெலாப்பாங்கத் தாண்டித்தான் போனோம் தெரியுமா? நெடுஞ்சாலையில ஜெலாப்பாங் போர்ட பாத்துக்கிட்டே போறோம். தைப்பிங்ல எறங்கினா மழை. அப்பாவுக்கு ஊன்றுகோல் வழுக்குது. எதுத்த கோப்பிக்கடை சீனத்து அங்கிள்தான் நாக்காலி கொண்டாந்து போட்டாரு. எங்கப்பா அங்க உக்காந்துகிட்டு என்னா சொன்னாரு தெரியுமா? 'எனக்குக் கால் குடுத்து வைக்கலம்மா, வீட்டுக்குப் போலாம்'னு சொல்றாரு. திரும்ப இங்க வர வைக்கிறதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

பெரியவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மகள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதைப் போல அவருக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அவர் வெட்கப்பட எதுவுமே இல்லை. அங்கே வெட்கப்பட வேண்டிய ஆள் நான் ஒருத்திதான்.

அளவெடுக்க அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு பாதி திறந்திருந்தது. முதலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் கால்சட்டையைச் சுருட்டி, தன் காலைக் கழற்றிப் பெரியவரின் கையில் கொடுப்பதைப் பார்த்தேன். பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, எடை பார்ப்பவர் போலத் தூக்கிப் பார்த்தார். "நீங்களுமா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

மகள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தெரிஞ்சிருந்தா அப்பா மொத நாளே வந்திருப்பாரு," என்றாள். "யாரு செய்றா, நம்மளப் புரிஞ்ச ஆளான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் தேடிப் பாத்தேன். 'எங்கள் தளத்துக்கு வரவேற்கிறோம்'னு இருந்துச்சு."

அன்று மதியம் அந்த இரண்டு பக்கத்துக்கும் எழுத உட்கார்ந்தேன். தனியாக எழுத எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. அக்காவிடம் கேட்டேன். "கூப்புடுறவங்க மொதல்ல என்னா கேக்குறாங்க?"

அவர் கணினியைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க இருக்குன்னு கேப்பாங்க. அடுத்தது, மாடியா கீழயா? படி இருக்கா? சக்கர நாக்காலி உள்ள வருமா? சனிக்கெழம தொறந்திருக்குமா? தமிழ் பேசுற ஆளு இருக்கா? அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு கேள்வியான்னு நெனைக்காதீங்க. அவங்களுக்கு அதான் பெருசு."

தளம் மலாய் மொழியில் இருந்தது; அதன் வாசகங்களை இங்கே தமிழில் சொல்லி வருகிறேன். தொடர்புப் பக்கத்தின் தலைப்பில் முகவரி, தொலைபேசி என்ற சொற்களையும் பட்டறையின் பெயரையும் ஜெலாப்பாங்கையும் சேர்த்தேன். விவரத்தில் அக்கா சொன்னதை எழுதினேன். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் தரைத்தளம், படி இல்லை, சக்கர நாற்காலி உள்ளே வரும், திங்கள் முதல் சனி வரை, தமிழிலும் பேசலாம். நீளமாக எழுதினால் வெட்டிவிடும் என்பதால் முக்கியமானதை முன்னால் வைத்தேன். விவரம் எழுதுவதால் பட்டியலில் இடம் ஏறாது. தேடுகிறவர் எந்த வரியைத் தொடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. தேடுபொறி சில நேரம் நம் விவரத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே வேறு வாக்கியத்தை எடுக்கும். அதனால் பக்கத்தின் முதல் பத்தியிலும் இதே செய்தியைப் போட்டேன்.

எங்களைப் பற்றிய பக்கத்தில்தான் சிக்கல். முதலாளி தன் காலைப் பற்றி எழுதவேண்டாம் என்றார்.

"என் காலக் காட்டி யாவாரம் பண்ற மாதிரி இருக்கும் லா."

அக்காதான் பதில் சொன்னார். "நீங்க எல்லாருக்கும் உள்ள வச்சு கழட்டிக் காட்டுறீங்கள்ல? வர முடியாம வீட்லயே உக்காந்திருக்கிறவனுக்கு யாரு காட்டுறது?"

அவர் முனகிக்கொண்டே பின்னறைக்குப் போனார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. தலைப்பில் "நாங்கள் யார்" என்ற சொற்களும் பட்டறையின் பெயரும் வந்தன. கீழே, தானும் செயற்கைக் காலில் நடக்கும் ஒருவர் செய்து கொடுப்பது என்று ஒரே வாக்கியம்.

சில நாள் கழித்துத் தேடியபோது தைப்பிங் போய்விட்டிருந்தது. எங்களைப் பற்றிய பக்கம் மாற இன்னும் ஒரு வாரம் பிடித்தது. மூன்று வரியும் மூன்று விதமாக நின்றன. யார் பார்த்தாலும் எது எதற்கு என்று தெரியும். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. இரண்டு பக்கத்துக்கு நாலு வரி, ஒரு மதிய வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்குச் சோம்பல் காரணமில்லை. அது எனக்குத் தகாத சில்லறை வேலை என்று நினைத்தேன்.

அதன் பிறகு நான் செய்துகொடுத்த எல்லாத் தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரும்பாலானவற்றில் அந்த இரண்டு பக்கமும் காலி. ஒரு பல் மருத்துவமனைக்கு டயர் கடையின் வேலை நேரம் போயிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. வராமல் போனவர்கள் எப்படிப் புகார் சொல்வார்கள்? ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒங்களுக்கு வர்ற போன்ல மொதல்ல என்னா கேப்பாங்க என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். இரண்டு மாதம் ஆனது.

பெரியவருக்குக் கால் பொருத்திய நாளில் நான் போகவில்லை. அழைத்தார்கள், வேலை இருப்பதாகச் சொன்னேன். அதுவும் பொய். நன்றாக நடக்கிறார் என்று முதலாளி பிறகு சொன்னார். பட்டறை இன்னும் என்னிடம்தான் தளத்தை வைத்திருக்கிறது. அக்கா தொலைபேசியில்தான் இருக்கிறார்.

போன மாதம் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார், கேக் செய்து விற்கும் பெண். வேலை விவரத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தொடர்புப் பக்கத்துக்கும் எங்களப் பத்திங்கிற பக்கத்துக்கும் எதுக்குக்கா ஒரு நாள் போட்டிருக்கீங்க? அத யாரு தேடுறா?"

கால் இல்லாத ஒருவர் பட்டறையைத் தேடி, மழையில், ஊர் தாண்டிப் போன கதையைச் சொன்னேன். பெயரைத் தெரிந்து தேடுகிறவருக்குக் கதவைச் சரியாகக் காட்டவேண்டும் என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். "பாவம். யாரு அந்த வெப்சைட் பண்ணுனவங்க?"

"நாந்தான்," என்றேன். அதுவரைக்கும் சொல்ல முடிகிறது. அந்த அக்காவின் மேல் பழி போட்டதையும், அவர் கையால் கலக்கிய மைலோவைக் குடித்துவிட்டு எழுந்து வந்ததையும் அந்தக் கேக் செய்யும் பெண்ணிடமும் சொல்லவில்லை. பட்டறைக்கு வெளியே இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.